கேஸ்திரிக் மருந்து சாப்பிடுபவர்களுக்கு எந்தக் கால்சியம் மாத்திரை ஏற்றது?

எலும்புத் தேய்மானத்திற்குக் கால்சியம், வயிற்று எரிச்சலுக்கு ஒமெப்ரசோல். வயதான பலரின் மருந்துப் பையில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இவற்றில் ஒன்று மற்றதன் பலனைக் குறைக்கக்கூடும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது கால்சியம் கார்பனேட். இது சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே பொருள். கரைவதற்கு இரைப்பை அமிலம் தேவை. ஒமெப்ரசோல், பன்டோபிரசோல், எசோமெப்ரசோல் போன்றவை அந்த அமிலச் சுரப்பையே அடக்குகின்றன. கரையாத கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ளாது.

2005-இல் அமெரிக்காவில் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், 65 வயதைக் கடந்த பெண்கள் ஒரு வாரம் ஒமெப்ரசோல் சாப்பிட்டபின் வெறும் வயிற்றில் கார்பனேட் எடுத்தனர். மருந்தில்லாதபோது சுமார் 9 விழுக்காடாக இருந்த உறிஞ்சுதல் 3.5 விழுக்காட்டுக்கு இறங்கியது.

கால்சியம் சிட்ரேட் கரைய அமிலம் அவ்வளவாகத் தேவையில்லை. சாப்பாட்டோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். அமிலம் குறைக்கும் மருந்தை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு இதுவே பொருத்தமானது. மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் இதில் குறைவு.

ஆனால் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். 1,250 மில்லிகிராம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 950 மில்லிகிராம் சிட்ரேட் மாத்திரையிலோ சுமார் 200 மில்லிகிராம்தான். எனவே டப்பாவின் முன்புறம் உள்ள பெரிய எண்ணைப் பார்க்காமல், ‘எலிமெண்டல் கால்சியம்’ என்று குறித்திருக்கும் அளவைப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 68 வயது மூதாட்டி ஒருவர் காலைப் பசியாறலுக்கு முன் ஒமெப்ரசோலும், இரவு படுக்கும்போது வெறும் வயிற்றில் கார்பனேட் மாத்திரை ஒன்றும் சாப்பிடுகிறார் என்போம். அவர் முதலில் செய்யக்கூடியது, அந்த மாத்திரையைப் பகல் அல்லது இரவுச் சாப்பாட்டோடு எடுப்பது. உணவு சேரும்போது, அமிலம் குறைந்தவர்களின் உடலும் கார்பனேட்டை மேலாக உறிஞ்சுகிறது. செலவும் கூடாது. சிட்ரேட்டுக்கு மாறினால், அதே 500 மில்லிகிராமுக்கு 2 அல்லது 3 மாத்திரைகள் தேவைப்படும். அவற்றைக் காலையும் மாலையும் பிரித்து எடுக்கலாம். எந்த வகையானாலும் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் கால்சியத்திற்கு மேல் எடுத்தால், உறிஞ்சப்படும் விகிதம் குறையும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் கால்சியத்திற்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும்.

சிறுநீரக நோயாளிகள் தாங்களாக மாத்திரையை மாற்றக் கூடாது. அவர்களுக்குக் கார்பனேட், உணவிலுள்ள பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கொடுக்கப்பட்டிருக்கலாம். அலுமினியம் கலந்த வயிற்று மருந்தோடு சிட்ரேட் சேர்ந்தால், உடலில் அலுமினியம் ஏறும் ஆபத்தும் உண்டு.

கால்சியத்திற்காக ஒமெப்ரசோலைத் தாமாக நிறுத்துவதும் சரியல்ல. அடுத்த முறை கிளினிக் செல்லும்போது இரண்டு டப்பாக்களையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.