இங்கிலாந்துப் பள்ளிக்குச் சேர்க்கை விண்ணப்பக் கடிதம்

வெளிநாட்டிலிருந்து குடிபெயரும் பெற்றோர், பிள்ளைக்கு இடம் கேட்டு இங்கிலாந்தின் அரசுப் பள்ளிக்கோ உள்ளூர்க் கவுன்சிலுக்கோ எழுதும் கடிதம் இது. பெரும்பாலும் கவுன்சிலின் படிவத்தோடு சேர்த்தோ, அதற்கு முன் விசாரணையாகவோ அனுப்பப்படுகிறது. பிள்ளை எந்த வகுப்புக்குரியவர், எந்த முகவரியில் வசிப்பார், எந்த நாளிலிருந்து வரமுடியும் என்ற மூன்றுக்கும் அது தெளிவாக விடை சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் விதிகள் வேறு.

வகுப்பைக் கணக்கிடுதல்

இங்கிலாந்தில் வகுப்பைத் தீர்மானிப்பது பிறந்த தேதி. கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆகஸ்ட் 31 அன்று நிறைவடைந்த வயதிலிருந்து நான்கைக் கழித்தால் வகுப்பு எண் வந்துவிடும். அன்று பத்து வயது முடிந்திருந்தால் ‘இயர் 6’. பிள்ளை சொந்த நாட்டில் எந்த வகுப்பை முடித்தார் என்பது துணைத் தகவல் மட்டுமே.

தமிழ்நாட்டில் ஜூலை 31-ஐ வயது வரம்பு நாளாகக் கொண்ட ஒரு பள்ளியில் படிக்கும் சிறுமியை எடுத்துக்கொள்வோம். பிறந்தது 2015 ஆகஸ்ட் 18. 2025 ஜூலை 31 அன்று அவளுக்கு ஒன்பது வயதுதான், எனவே 2025-26இல் ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஆகஸ்ட் 31 அன்று பத்து முடிந்துவிட்டதால், இங்கிலாந்துக் கணக்கில் அதே ஆண்டில் அவள் இயர் 6. அக்டோபரில் பிறந்த அவளுடைய வகுப்புத் தோழிக்கோ இரு நாட்டிலும் எண் ஐந்துதான்.

இந்த வேறுபாட்டின் விளைவு பெரியது. ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பை முடித்த சிறுமிக்கு, அடுத்தது ஆறுதானே என்று 2026 செப்டம்பருக்கு இயர் 6 கேட்டு எழுதினால் விண்ணப்பம் தவறிவிடும். அந்தச் செப்டம்பரில் அவள் இயர் 7, அதாவது மேல்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பு. அதற்கான விண்ணப்பக் கெடு முந்தைய அக்டோபர் 31 அன்றே முடிந்து, மார்ச் 2 அன்று இடங்களும் அறிவிக்கப்பட்டிருக்கும். பெற்றோர் கவுன்சிலிடம் தாமத விண்ணப்பம் தர வேண்டும். பொதுவாக அது உரிய காலத்தில் வந்தவற்றுக்குப் பின்பே பரிசீலிக்கப்படும். ஒரு வகுப்பு கீழே சேர்க்கக் கோரலாம். ஆனால் பிள்ளையின் நலன் கருதி முடிவெடுப்பது சேர்க்கை அதிகாரம் பெற்ற அமைப்புதான்.

தேதிகளும் வாசகமும்

இதே குடும்பம் 2026 ஜூன் 6 அன்று வந்திறங்குகிறது என்றால், ஆங்கிலத்தில் எழுதும் கடிதத்தின் சாரம் இப்படி இருக்கும்:

“எங்கள் மகள் 18 ஆகஸ்ட் 2015 அன்று பிறந்தவள். உங்கள் வயதுக் கணக்குப்படி இப்போது இயர் 6, செப்டம்பர் 2026 முதல் இயர் 7. இந்தியாவில் ஐந்தாம் வகுப்பைப் படித்திருக்கிறாள், பள்ளிக்குச் சென்ற கடைசி நாள் 24 ஏப்ரல் 2026. இங்கிலாந்து வரும் நாள் 6 ஜூன். கீழ்க்காணும் முகவரியில் குடியேறும் நாள் 10 ஜூன். 15 ஜூன் முதல் பள்ளிக்கு வர முடியும். இயர் 7-க்குக் கவுன்சிலிடம் தனியே விண்ணப்பிக்கிறோம்.”

வருகை, குடியேற்றம், பள்ளி தொடக்கம் என்ற மூன்றையும் ‘ஜூன் மாதம்’ என்று ஒன்றாக்கிவிடக் கூடாது. பல கவுன்சில்கள் முகவரிக்குச் சான்று கேட்கும், ஆகவே குடியேறும் நாள் தனியாகத் தெரிய வேண்டும். மாதத்தை எண்ணால் குறிக்காமல் பெயரால் எழுதுவது நல்லது.

ஆவணங்கள்

வாடகை ஒப்பந்தம் போன்ற முகவரிச் சான்றும் பிறந்த தேதிச் சான்றும்தான் முதன்மையானவை. பிறந்த தேதிச் சான்றை இடம் ஒதுக்கிய பிறகு கேட்கலாம். பள்ளி இடம் தருவதற்குப் பாஸ்போர்ட்டையோ விசா விவரத்தையோ நிபந்தனையாக்கக் கூடாது என்பதால் அவற்றைத் தாமாக இணைக்கத் தேவையில்லை. இந்தியாவில் பள்ளி மாறும்போது டி.சி.க்கு இருக்கும் இடம் இங்கிலாந்தில் இல்லை. எனினும் மதிப்பெண் அறிக்கையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆசிரியருக்கு உதவும். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதி மற்ற ஆவணங்களோடு பொருந்துகிறதா என்று அனுப்பும் முன் பார்த்துவிட வேண்டும். இந்தச் சிறுமியின் பிறந்த தேதி ஏதேனும் ஓர் ஆவணத்தில் செப்டம்பர் என்று இருந்தால் வகுப்பே மாறிவிடும்.

பதில்

2021ஆம் ஆண்டின் பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்புப்படி, ஆண்டு நடுவில் வரும் விண்ணப்பத்துக்குப் பத்துப் பள்ளி நாட்களில் பதிலளிக்க முயல வேண்டும், பதினைந்து நாட்களுக்குள் கட்டாயம் அளித்தாக வேண்டும். விடுமுறை நாட்கள் இதில் சேராது. ஆகவே ஜூலை இறுதியில் அனுப்பியதற்குச் செப்டம்பரில்தான் பதில் வரக்கூடும். இடம் இல்லையென்றால் காரணத்தையும் மேல்முறையீடு செய்யும் உரிமையையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.