ஒரு கிளிப்பச்சையின் பயணம்

அந்தப் பச்சை பிறந்தது என் கணினித் திரையில். கல்யாணப் பத்திரிகையின் நான்கு ஓரமும் மாவிலைத் தோரணம் வேண்டும் என்றார் மணப்பெண்ணின் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் பளிச்சுனு வைங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லி நிறத்தை ஏற்ற வைத்தார். கடைசியில் வந்து நின்ற எண்கள் 0, 255, 0. சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது, நீல விளக்கும் அணைந்திருக்கிறது, பச்சை மட்டும் முழு வீச்சில் எரிகிறது. ஆர்ஜிபி என்பது இந்த மூன்று விளக்குகளின் கணக்குத்தான். ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரை ஏற்றி இறக்கலாம். மூன்றையும் முழுதாக எரியவிட்டால் வெள்ளை, மூன்றையும் அணைத்தால் இருட்டு.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் கோப்பை சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினேன். அந்த நொடியிலேயே, மெஷின் பக்கம் போகாமலேயே, பச்சை வாடிவிட்டது. ஃபோட்டோஷாப்பில் நெடுங்காலமாக இருக்கும் ஸ்வாப் என்ற அமெரிக்க அச்சுக் கணக்கின்படி அதன் புது எண்கள்: சியான் 63, மெஜந்தா 0, மஞ்சள் 100, கறுப்பு 0. இதைத் திரும்ப ஆர்ஜிபிக்கு மாற்றிப் பார்த்தால் 0, 255, 0 வராது. ஏறக்குறைய 105, 189, 69 என்றுதான் வரும். இழந்தது இழந்ததுதான்.

பளிச்சென்ற பச்சை வேண்டுமென்றால் சியானையும் 100 ஆக்கிவிட்டால் என்ன? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். செய்து பார்த்தால் நிறம் இன்னும் இருண்டு, ஏறக்குறைய 0, 166, 81 ஆகிவிடுகிறது. காரணம், மை எதையும் எரிய வைப்பதில்லை. தாளின் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடுகிறது, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. மஞ்சள் மை நீலத்தை விழுங்கும். சியான் மை சிவப்பை விழுங்கும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் பச்சை மட்டும் தப்பி வரவேண்டும். ஆனால் சியான் மை அவ்வளவு நேர்மையானதல்ல. விடவேண்டிய பச்சையிலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் சியான் கூடக் கூட, பச்சையின் வெளிச்சமும் குறைகிறது.

சரி, 63-லேயே நிறுத்தினால்? அச்சில் சியான் சிறு புள்ளிகளாகத்தான் விழுகிறது. தாளின் பரப்பில் நூற்றுக்கு 63 பங்கை அது மூட, மீதி இடத்தில் வெறும் மஞ்சள் மட்டும் இருக்கும். அந்த மஞ்சள் பொட்டுகள் சிவப்பு வெளிச்சத்தையும் சேர்த்து அனுப்பும். ஆகவே பச்சை மஞ்சள் தட்டிப்போகும். சியானை ஏற்றினால் இருள், இறக்கினால் மஞ்சள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்தினாலும் திரையின் பச்சை கிடைக்காது. மென்பொருள் 63-ஐத் தேர்ந்தெடுத்ததும் இந்தச் சிக்கலில் ஒரு சமரசமாகத்தான்.

இன்னொரு சேதமும் நடந்தது, அது எனக்கு நிறம் மங்கியதைவிட வருத்தம் தந்தது. மாவிலையின் நரம்புகளை அதே பச்சையின் சற்றே குறைந்த சாயலில் வரைந்திருந்தேன். இரண்டுமே மைக்கு எட்டாத நிறங்கள். எட்டாத நிறத்தை எட்டக்கூடிய மிக அருகிலுள்ள நிறத்துக்கு நகர்த்தும் முறையில் மாற்றியதால், இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. நரம்புகள் மறைந்து, இலை தட்டையான பச்சைத் துண்டானது.

கோப்பை மாற்றாமலேயே இதைப் பார்த்துவிடலாம். ஃபோட்டோஷாப்பில் `Ctrl+Y` அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று திரை காட்டும். `Shift+Ctrl+Y` அழுத்தினால் மைக்கு எட்டாத இடங்கள் சாம்பல் நிறமாகும். என் தோரணம் முழுக்கச் சாம்பலானது. ஆனால் அச்சகம் உங்கள் தாளுக்குப் பயன்படுத்தும் நிறக் கணக்கை அங்கே தேர்ந்திருக்க வேண்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பரும், மையை உறிஞ்சிக்கொள்ளும் மேப்லித்தோவும் ஒன்றல்ல. உறிஞ்சும் தாளில் நிறம் இன்னும் மங்கும்.

சிவகாசியில் அச்சுப் பிரதி வந்ததும் தம்பி அதையும் கைப்பேசியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மெஷின் சரியில்லையாண்ணே?" மெஷின் மேல் குற்றமில்லை என்பதைக் காட்ட, லூப்பைக் கையில் கொடுத்தேன். பச்சைக்குள் மஞ்சள் பொட்டுகள் அவருக்கும் தெரிந்தன. பிறகு அறை விளக்கை அணைத்தேன். கைப்பேசிப் பச்சை அப்படியே ஒளிர்ந்தது, தாள் கறுத்தது.

நான்கு மைக்கு வெளியே ஒரு வழி இருந்தது: பச்சையாகவே கலந்து தயாரித்த ஐந்தாவது மை. அதற்குத் தனித் தட்டு வேண்டும். எங்கள் அச்சகத்தில் நான்கு நிற மெஷின்தான் என்பதால், தாளை உலரவிட்டு இரண்டாம் முறை ஏற்றவேண்டும், செலவும் கூடும். தம்பி சம்மதித்தார். இலை நரம்புகளை வெள்ளைக் கோடுகளாகவே விட்டு, தோரணத்தை மட்டும் அந்த மையில் ஓட்டினோம். திரையின் ஒளி அதிலும் வரவில்லை, வரவும் முடியாது. ஆனால் லூப்பில் பார்த்தபோது மஞ்சள் பொட்டு ஒன்றுகூட இல்லை. இலை முழுக்க ஒரே பச்சை, நடுவே தாளின் வெள்ளையில் நரம்புகள்.