சீன உள்நாட்டுப் போர் (1927–1949)

சீன உள்நாட்டுப் போர், சியாங் கை-ஷேக்கின் கோமிண்டாங் அரசுக்கும் மாவோ தலைமையேற்ற கம்யூனிஸ்ட் கட்சிக்கும் இடையே நடந்தது. 1927 ஏப்ரலில் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகள் கொன்று குவிக்கப்பட்டதோடு மோதல் தொடங்கியது. 1934–35 நெடும் பயணத்துக்குப் பின் எஞ்சியவர்கள் வடமேற்கே ஷான்சி மாநிலத்தில் ஒதுங்கினர்.

1937-இல் ஜப்பான் படையெடுத்ததும் இரு தரப்பும் கைகோத்தன. பெரும் போர்களின் இழப்பை அரசுப் படைகளே தாங்கின. கம்யூனிஸ்டுகளோ ஜப்பானியப் படைகளுக்குப் பின்னாலிருந்த கிராமங்களில் கொரில்லாத் தளங்கள் அமைத்து, குத்தகையையும் வட்டியையும் குறைத்து, குடியானவர்களின் ஆதரவைப் பெற்றனர். சுமார் 40,000 உறுப்பினர்களைக் கொண்டிருந்த கட்சி 1945-இல் 12 இலட்சமாக வளர்ந்தது.

ஜப்பான் தோற்றபின், 1946-இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. கம்யூனிஸ்டுகள் நிலச் சீர்திருத்தத்தால் வடக்குக் கிராமங்களில் வேரூன்றினர். பல ஊர்களில் அது நில உடைமையாளர்கள் மீதான வன்முறையாகவும் முடிந்தது. அரசோ செலவுக்கு நோட்டு அச்சடித்தது. விலைவாசி ஏறி, நகர மக்களின் சேமிப்பு கரைந்தது.

போரின் போக்கைத் தீர்மானித்தது 1948 நவம்பரில் சூசோ நகரைச் சுற்றித் தொடங்கிய ஹுவாய்ஹாய்ப் போர். அரசுப் படைகள் தனித்தனியே சுற்றிவளைக்கப்பட்டன. விமானத்திலிருந்து போட்ட உணவு அவற்றுக்குப் போதவில்லை. எதிர்த்தரப்புக்கு இலட்சக்கணக்கான குடியானவர்கள் தள்ளுவண்டிகளில் தானியம் கொண்டுசேர்த்தனர். 1949 ஜனவரியில் ஹுவாய்ஹாய்ப் போர் முடிந்தபோது அரசு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது.

1949 அக்டோபர் 1 அன்று மாவோ பெய்ஜிங்கில் சீன மக்கள் குடியரசை அறிவித்தார். டிசம்பரில் சியாங்கின் அரசு தைவானுக்கு இடம்பெயர்ந்தது. இரு தரப்புக்கும் இடையே இன்றுவரை அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.