நீருக்கு மாற்றாக மண்: தயம்மும் விதியின் தொடக்ககால வரலாறு

முன்னுரை

தொழுகைக்கு முன் உடலைத் தூய்மை செய்வது இசுலாமியச் சட்டத்தில் இரு நிலைகளில் அமைகிறது. சிறுதொடக்கு நேர்ந்தவர் உளூ என்னும் உறுப்புத் தூய்மை செய்கிறார். முகத்தையும் முழங்கை வரை இரு கைகளையும் கழுவுதல், தலையை ஈரக்கையால் தடவுதல், கணுக்கால் வரை கால்களைக் கழுவுதல் ஆகிய நான்கும் அதன் அடிப்படைச் செயல்கள். தாம்பத்திய உறவு, விந்து வெளிப்படுதல் போன்றவற்றால் பெருந்தொடக்கு நேர்ந்தவர் உடல் முழுவதும் நனையக் குளிக்க வேண்டும். நீர் கிடைக்காதபோது தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்வதே தயம்மும். குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 43ஆம் வசனமும் ஐந்தாம் அத்தியாயம் 6ஆம் வசனமும் இதனைக் கூறுகின்றன.

உளூவுக்கு மண் மாற்றாகும் என்பதில் தொடக்கம் முதலே கருத்து வேறுபாடு இல்லை. அது குளிப்புக்கும் மாற்றாகுமா என்பதில்தான் நபித்தோழர்களிடையே விவாதம் எழுந்தது. மாற்றாகாது எனில், பெருந்தொடக்கு உடையவர் நீர் கிடைக்கும் வரை தொழுகையையே நிறுத்திவைக்க வேண்டும். அந்த விவாதம் நடந்த முறையையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சலுகை பிறந்த சூழல்

நபிகள் நாயகத்தின் பயணம் ஒன்றில் அவர்தம் துணைவியார் ஆயிஷாவின் கழுத்தணி தொலைந்தது. அதனைத் தேடுவதற்காகப் படை நீரற்ற இடத்தில் தங்க நேர்ந்தது. மக்களைத் தடுத்து நிறுத்திவிட்டதாக அபூபக்கர் தம் மகளைக் கடிந்துகொண்டார். அவ்வேளையில் தயம்மும் குறித்த வசனம் அருளப்பெற்றது என்றும், ஆயிஷா ஏறிவந்த ஒட்டகத்தை எழுப்பியபோது அதன் அடியில் அணி கிடைத்தது என்றும் புகாரி (இறப்பு 870), முஸ்லிம் (இறப்பு 875) ஆகியோரின் தொகுப்புகள் பதிவு செய்கின்றன.

இந்நிகழ்வின் மற்றோர் அறிவிப்பு சட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அணியைத் தேடிச் சென்றவர்கள் தொழுகை நேரம் வந்தபோது நீரின்றி, உளூ இன்றியே தொழுதனர். திரும்பிவந்து அதனை நபிகளாரிடம் முறையிட்டனர். நீர் இல்லை என்பதற்காக அவர்கள் தொழுகையை விட்டுவிடவில்லை. நீரும் மண்ணும் இரண்டுமே கிடைக்காதவர் என்ன செய்வது என்ற பிற்கால வினாவுக்கு இவ்வறிவிப்பையே புகாரி சான்றாக வைத்தார்.

அம்மாரும் உமரும்

பயணம் ஒன்றில் அம்மார் இப்னு யாசிர், உமர் ஆகிய இருவருக்கும் பெருந்தொடக்கு நேர்ந்தது, நீர் இல்லை. உமர் தொழவில்லை. அம்மார் மண்ணில் புரண்டுவிட்டுத் தொழுதார். அவர் செயலுக்குப் பின்னால் ஓர் ஒப்புமை இருந்தது. குளிப்பில் நீர் உடல் முழுவதும் படுகிறது. ஆகவே குளிப்புக்கு மாற்றான மண்ணும் உடல் முழுவதும் பட வேண்டும் என அவர் கருதினார். நபிகளார் அவ்வொப்புமையைத் திருத்தினார். இரு உள்ளங்கைகளையும் தரையில் அடித்து, ஒட்டிய மண்ணை ஊதிவிட்டு, முகத்தையும் கைகளையும் தடவிக்காட்டி, அவ்வளவே போதும் என்றார். இதனால் தயம்மும் உடலைத் துப்புரவாக்கும் செயலன்று, தொழுகைக்கான தகுதியை வழங்கும் அடையாளச் செயல் என்பது புலனாகிறது. உளூவுக்கும் குளிப்புக்கும் அதன் செய்முறை ஒன்றே.

ஆயினும் சிக்கல் அத்துடன் தீரவில்லை. உமர் கலீபாவாக இருந்த காலத்தில் (634–644) ஒருவர் அவரிடம் வந்து, தமக்குப் பெருந்தொடக்கு நேர்ந்ததையும் நீர் கிடைக்காததையும் கூறினார். தொழ வேண்டாம் என்றார் உமர். உடனிருந்த அம்மார் பழைய நிகழ்வை நினைவூட்டினார். உமருக்கு அது நினைவில் இல்லை. இறைவனை அஞ்சுமாறு அம்மாரை எச்சரித்தார். கலீபா விரும்பினால் இச்செய்தியை இனி அறிவிப்பதில்லை என அம்மார் கூறியபோது, அதற்குரிய பொறுப்பை அவரிடமே உமர் விட்டுவிட்டார். ஆட்சித் தலைவர் தமக்கு மாறான சான்றை ஏற்கவில்லை. அதனை அறிவிப்பதைத் தடுக்கவும் இல்லை. பின்வந்தோர் அம்மாரின் சான்றை அறிய இதுவே வழிவிட்டது.

சொற்பொருளும் அச்சமும்

உமரின் கருத்தை அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊதும் கொண்டிருந்தார். அபூமூசா அல்அஷ்அரீ அவரோடு வாதிட்டார். விவாதத்தின் அடிப்படை வசனத்திலுள்ள ஒரு சொல்லில் இருந்தது. பெண்களைத் தீண்டியவர் நீர் பெறாவிட்டால் மண்ணை நாடலாம் என்கிறது வசனம். தீண்டல் என்பது உறவைக் குறிக்கும் இடக்கரடக்கல் எனில், பெருந்தொடக்கும் வசனத்துள் அடங்கும். அது வெறும் தொடுதல் எனில், வசனம் சிறுதொடக்கை மட்டுமே பேசுவதாகும்.

அபூமூசா முதலில் அம்மாரின் செய்தியை எடுத்துக்காட்டினார். உமர் அதில் மனநிறைவு பெறவில்லை என்பது இப்னு மஸ்ஊதின் மறுமொழி. அடுத்து ஐந்தாம் அத்தியாய வசனத்தை அபூமூசா முன்வைத்தபோது, இப்னு மஸ்ஊத் வசனத்தை மறுக்கவில்லை. இச்சலுகையை வழங்கினால், நீர் குளிர்ந்திருக்கும்போதும் மக்கள் மண்ணை நாடத் தொடங்கிவிடுவர் என்றார். எனவே அவர் மறுப்பு, சலுகை தவறாகப் பயன்படும் என்ற அச்சத்தையும் சார்ந்திருந்தது. உமரும் இப்னு மஸ்ஊதும் பின்னர் இக்கருத்தைக் கைவிட்டனர் என்ற செய்தியும் உண்டு.

குளிர் நிறைந்த இரவு

இப்னு மஸ்ஊத் அஞ்சிய குளிர்நீர்ச் சூழல் நபிகளாரின் காலத்திலேயே எழுந்திருந்தது. ஹிஜ்ரி 8இல் (629) நடந்த தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பில் தளபதி அம்ர் இப்னுல் ஆஸுக்குக் கடுங்குளிர் இரவில் பெருந்தொடக்கு நேர்ந்தது. குளித்தால் இறக்கக்கூடும் என அஞ்சி, தயம்மும் செய்து அதிகாலைத் தொழுகையை முன்னின்று நடத்தினார். நபிகளார் வினவியபோது, தம்மைத் தாமே கொன்றுகொள்ளக் கூடாது எனும் குர்ஆன் கட்டளையைக் காரணம் காட்டினார். நபிகளார் சிரித்தார், எதுவும் கூறவில்லை. அபூதாவூதின் (இறப்பு 889) தொகுப்பில் இது உள்ளது.

இங்கு 'நீர் பெறாமை' என்பதன் பொருள் விரிகிறது. நீர் இல்லாமை மட்டுமின்றி, இருக்கும் நீரை உயிருக்கோ உடலுக்கோ ஊறின்றிப் பயன்படுத்த இயலாமையும் அதில் அடங்குகிறது. ஆனால் குளிர்ச்சி தரும் அசௌகரியம் மட்டும் போதாது. தீங்கு நேரும் என்ற அச்சம் வேண்டும். இப்னு மஸ்ஊதின் அச்சத்துக்குப் பிற்காலச் சட்டம் இட்ட எல்லை இதுவே.

மத்ஹபுகளின் வரையறை

பெருந்தொடக்குக்கும் தயம்மும் போதும் என்பதை நான்கு மத்ஹபுகளும் ஏற்றன. ஷாஃபிஈ மத்ஹபு தீண்டலைத் தொடுதல் என்றே கொண்டபோதிலும், நபிமொழியைச் சான்றாகக் கொண்டு அதே முடிவை எட்டியது. வேறுபாடு செய்முறைக்கு நகர்ந்தது. ஷாஃபிஈயருக்குக் கையில் ஒட்டும் புழுதியுள்ள மண் தேவை. ஹனஃபியருக்கு மண்ணினத்தைச் சார்ந்த மணல், கல் போன்றவையும் போதும். இவ்விரு மத்ஹபுகளும் தரையில் இருமுறை கையடித்து முழங்கை வரை தடவச் சொல்ல, ஹன்பலீ மத்ஹபு அம்மாரின் செய்தியை நேரடியாகப் பின்பற்றி ஒரே அடியையும் மணிக்கட்டு வரை தடவுவதையும் போதுமெனக் கொண்டது.

கடலோரத்தில் ஷாஃபிஈயரும் உள்நாட்டில் ஹனஃபியரும் மிகுதியாக வாழும் தமிழகத்தில் இவ்வேறுபாடு நடைமுறை சார்ந்தது. புழுதி படியாத கருங்கல் தூணில் கைவைத்து ஹனஃபி ஒருவர் தயம்மும் செய்யலாம்; ஷாஃபிஈ ஒருவருக்கு அது நிறைவேறாது. நீரும் மண்ணும் இரண்டுமே பெறாதவர் அந்நிலையிலேயே தொழுது பின்னர் மீளத் தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வழக்கிலுள்ள முடிவு. மீளத் தொழ வேண்டியதில்லை என்கிறது ஹன்பலீ மத்ஹபு.

முடிவுரை

நீரில்லாதவர் தொழலாகாது என உமர் கூறியது தூய்மையின் மதிப்பைக் காக்கவே. அம்மாரின் சான்று வென்றதன் பொருள் தூய்மை தளர்ந்தது என்பதன்று. தூய்மைக்கான பொருள் மாறினாலும் தொழுகைக் கடமை நிற்பதில்லை என்பதே. நீரிலிருந்து மண்ணுக்கும், இரண்டும் இல்லாத நிலைக்கும் சட்டம் நகர்ந்தபோது, கடமை நேரத்துக்கு உரியது, தூய்மை இயன்ற அளவுக்கு உரியது என்ற வரிசைமுறை உருவாயிற்று. கழுத்தணியைத் தேடிச் சென்றவர்கள் விதி எதுவும் அறியாமலே பின்பற்றிய வரிசையும் இதுவே.