மெல்லிய சுவர் நிரப்பல்

உருகிய பிளாஸ்டிக் இழையை நாசில் வழியே பிழிந்து வரையும் முப்பரிமாண அச்சில், நாசில் துளையைவிட ஒடுங்கிய சுவர்களையும் இரு சுவர்க்கோடுகளுக்கு நடுவே விடுபடும் இடுக்குகளையும் நிரப்பும் முறை. கோட்டின் பாதையை ஸ்லைசர் மென்பொருள் தீர்மானிப்பதால், இதன் வரலாறு பெரும்பாலும் ஸ்லைசர்களின் வரலாறே.

தொடக்ககால ஸ்லைசர்கள் வெளிவரம்பிலிருந்து மாறாத அகலத்தில் உள்நோக்கிக் கோடுகளை அடுக்கின. ஒரு கோட்டுக்கும் இடமில்லாத சுவர் எச்சரிக்கை ஏதுமின்றி மறைந்துபோகும். 2011இல் அலெஸாண்ட்ரோ ரனெல்லூச்சி தொடங்கிய ஸ்லிக்3ஆர், பின்னர் இதற்கு இரு தீர்வுகளைத் தந்தது. Detect thin walls ஒடுங்கிய பகுதியின் நடு அச்சில் ஒற்றைக் கோடு வரையும். இடுக்கு நிரப்பல் சுவர்க்கோடுகளுக்கு இடையே மெல்லிய கோட்டைச் செருகும். 

1 மி.மீ. தடிமனுள்ள சுவரை 0.45 மி.மீ. கோடுகளால் வரைந்தால், இரண்டு கோடுகள் போக நடுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மி.மீ. மிஞ்சும். அதை நிரப்பும்போது நாசில் குட்டிக்குட்டி அசைவுகளாகத் துடிக்கும். எந்திரம் தடதடவென அதிரும் அந்த ஓசையைக் கேட்டே அனுபவசாலிகள் இடுக்கு நிரப்பலை அடையாளம் காண்பார்கள். வெளிப்பரப்பில் சிறு புடைப்புகளும் தெரியலாம்.

இந்த வரலாற்றில் விரிவாகப் பதிவானது 2020ஆம் ஆண்டு ஆய்வு. டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடனும் அல்டிமேக்கர் நிறுவனத்துடனும் தொடர்புடைய டிம் கைப்பர்ஸ் தம் குழுவினருடன் அதை வெளியிட்டார். மிச்சத்தை நிரப்பாமல், மிச்சமே வராதபடி கோடுகளின் அகலத்தை மாற்றுவது அதன் வழி. மேற்சொன்ன சுவர் இப்போது 0.5 மி.மீ. கோடுகள் இரண்டாகிவிடும், 1.2 மி.மீ. சுவர் 0.4 மி.மீ. கோடுகள் மூன்றாகலாம். அகலம் மாறும்போது நாசிலுக்குள் அழுத்தம் உடனே மாறாது. ஆகவே பிளாஸ்டிக் வரத்தை மாற்றுவதற்குப் பதில், அகன்ற இடத்தில் மெதுவாகவும் ஒடுங்கிய இடத்தில் விரைவாகவும் நாசிலை நகர்த்தும் உத்தியையும் ஆய்வு சேர்த்துக்கொண்டது. நேர்த்தியான யோசனை.

அராக்னி எனப்படும் இம்முறை 2022இல் குரா 5.0இலும் அதே ஆண்டு புரூசாஸ்லைசர் 2.5இலும் வந்தது. புரூசாஸ்லைசரின் இயல்பு அமைப்பில், நாசில் விட்டத்தின் 25 விழுக்காட்டுக்குக் குறைந்த பகுதிகள் அச்சாகா. அதற்கு மேல் 85 விழுக்காடுவரை உள்ளவை அந்த 85 விழுக்காட்டுக்கு அகலப்படுத்தப்படும். அதாவது 0.4 மி.மீ. நாசிலில் 0.2 மி.மீ. விளிம்பு 0.34 மி.மீ. ஆகத் தடிக்கும். எழுத்துகளின் கூரிய முனைகள் தப்பிப் பிழைப்பதற்கு இது கொடுக்கும் விலை. துல்லிய அளவு தேவைப்படும் பாகங்களுக்குப் பழைய முறையே மேல் என்பாரும் உளர். மாதிரியைப் பொறுத்தது என்பாரும் உளர்.

ஆர்க்காஸ்லைசர் உள்ளிட்ட பிந்தைய மென்பொருள்கள் இரு முறைகளையும் வைத்திருக்கின்றன. புரூசாஸ்லைசரில் அராக்னியைத் தேர்ந்தால் Detect thin walls செயலிழந்துவிடும்.