அசனும் ஹஸனும் ஒருவர்தானா? நம் பெயர்களில் ஏறி இறங்கும் கிரந்த எழுத்துக்கள்

அஸ்ஸலாமு அலைக்கும் உறவுகளே.

மேலே எழுதிய ஸலாத்திலேயே ஒரு கிரந்த எழுத்து வந்துவிட்டது. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவை தமிழ் நெடுங்கணக்கில் இல்லாதவை. வடமொழியை எழுதுவதற்காகத் தென்னாட்டில் வழங்கிய கிரந்தம் என்ற எழுத்துமுறையிலிருந்து வந்தவை. பல்லவர் செப்பேடுகளில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலும் இருக்கும். இரண்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தவை. ஆகவே கிரந்தத்தை "வடக்கத்தி எழுத்து" என்பது முழுச் சரியல்ல.

எங்கள் மாங்கேணிப் பக்கம் மூத்தவர்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். அசனார், உதுமாலெவ்வை, இசுமாலெவ்வை, அகமது லெவ்வை. இளையவர்கள் இதைக் கேட்டு, "அந்தக் காலத்தில் படிப்பில்லை, ஹஸன் என்று சொல்ல வராமல் அசன் என்றார்கள்" என்கிறார்கள். இது நம் மூத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். அசன் என்பது வாய் தவறியதல்ல, இலக்கணப்படி வந்தது.

பிறமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது எழுத்து எப்படி மாறும் என்பதற்கு 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் விதி செய்தார். அவர் சொன்னது வடமொழிக்கு. நம்மவர்கள் அதே வழியில் அறபுச் சொற்களையும் நடத்தினார்கள். சொல்லின் முதலில் ஹ வந்தால் அது விழுந்து உயிரெழுத்து மட்டும் நிற்கும். நடுவில் வந்தால் க ஆகும். ஸ என்பது பெரும்பாலும் ச ஆகும். ஹஸனில் போட்டுப் பாருங்கள். முதல் ஹ விழுந்து அ நின்றது, ஸ ச ஆனது, அசன் வந்தது. ஹுஸைன் உசேன் ஆனதும் முஹம்மது முகம்மது ஆனதும் இதே வழிதான். ரஹ்மானில் இன்னொரு சிக்கல். ஹ் க் ஆனாலும் "க்ம" என்று இரண்டு மெய் தமிழில் சேர்ந்து நிற்காது. அதனால் நடுவில் ஓர் உகரம் புகுந்து ரகுமான் ஆயிற்று.

படித்த பெரியவர்களும் இப்படித்தான் எழுதினார்கள். சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் கதீசா என்றே பாடினார். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட, இலங்கையின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் கதையின் நாயகன் பெயர் அசன்பே. சித்திலெப்பைக்கு அறபு தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்!

வகுப்பில் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது விஷயம், விசயம், விடயம் மூன்றில் எது சரி என்று. நன்னூல் விதிப்படி ஷ சொல்லின் முதலில் ச ஆகும், நடுவில் ட ஆகும். ஷண்முகம் சண்முகம் ஆகும், வருஷம் வருடம் ஆகும். அப்படியே விஷயம் விடயம் ஆகும். நம் நாட்டுப் பாடநூலும் பத்திரிகையும் விடயம் என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் விஷயம் என்பார்கள், அதுவும் பிழையல்ல. விசயம் என்பது பேச்சு வழக்கு, பரீட்சைத் தாளில் வேண்டாம்.

அதற்காக விதியை எல்லா இடத்திலும் ஓட்டவும் முடியாது. பாஷை விதிப்படி பாடை ஆகும். பாடை என்றதும் மையித்தைத் தூக்குவதுதான் நினைவுக்கு வரும், ஆகவே மொழி என்று சொல்லிவிடுகிறோம். ஹஜ்ஜு விதிப்படி அச்சு ஆகிவிடும், அச்சுக்கூடம் நினைவுக்கு வரும். மார்க்கச் சொற்களில் ஹ, ஸ, ஜ ஆகியவற்றை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கிரந்தம் போட்டால் அறபு உச்சரிப்பு அப்படியே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அறபில் ஸீன், ஸாத், ஸே என்ற மூன்று எழுத்துக்கும் நமக்கு ஒரே ஸதான். ஹலாலின் ஹ வேறு, பிறையைக் குறிக்கும் ஹிலாலின் ஹ வேறு. தமிழில் இரண்டும் ஒன்று. இன்னொன்றைக் கவனியுங்கள். ளாத் என்ற எழுத்துக்கு நாம் கிரந்தத்தைத் தேடவே இல்லை, நம்முடைய ழகரத்தை எடுத்து ரமழான் என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டார் ரமலான் என்கிறார்கள். நம் முன்னோர் அறபுத்தமிழில் இதன் மறுபக்கத்தைச் செய்தார்கள். ட, ப, ங போன்ற தமிழ் ஒலிகளுக்கு அறபில் எழுத்து இல்லாததால் அறபு எழுத்துக்கே கூடுதல் புள்ளிகள் இட்டு எழுதினார்கள்.

இனி பெற்றோருக்கு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ரகீம் என்று இருந்தால் பாடசாலை அனுமதிப் பதிவேட்டிலும் ரகீம் என்றே கொடுங்கள். ரஹீம்தான் சரி என்று இடையில் திருத்தினால், பரீட்சை விண்ணப்பம், அடையாள அட்டை என்று ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகள் போல ஆகிவிடும், பிறகு சத்தியக்கடதாசியோடு அலைய வேண்டும். ஹ வேண்டுமா க வேண்டுமா என்பதைப் பிறப்பைப் பதியப் போகும் முன் வீட்டில் பேசி, ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். பதிவாளர் எழுதியதும், கையொப்பமிடும் முன் எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள்.