பழைய சுவர் யார் பொறுப்பு? எஸ்பிளனேடு இணைப்பு நிலையத்தை முன்வைத்துக் கட்டடத் தகவல் மாதிரியின் நிறைவேற்றத் திட்டம் குறித்து ஓர் ஆய்வு

இந்தியாவின் முதல் மெட்ரோ இரயில் 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவின் எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், ஹூக்ளி ஆற்றின் அடியில் ஹவுரா மைதானத்திலிருந்து வரும் கிழக்கு-மேற்குப் பாதை அதே எஸ்பிளனேடை எட்டியது. ஜோகாவிலிருந்து வரும் மூன்றாவது பாதையும் அங்கே வந்து சேரும்படி திட்டமிடப்பட்டுள்ளது. பழைய பாதையைக் கொல்கத்தா மெட்ரோ இரயில்வே இயக்குகிறது. கிழக்கு-மேற்குப் பாதையைக் கொல்கத்தா மெட்ரோ இரயில் கழகம் கட்டியது. ஜோகா பாதை இரயில் விகாஸ் நிகாமின் பொறுப்பில் உள்ளது. இவ்வாறு மூன்று காலத்தில், மூன்று நிறுவனங்களின் கையில் உருவாகும் கட்டுமானங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், முப்பரிமாண மாதிரி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதன் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே எழுதப்படாவிட்டால் அம்மாதிரி பயன்படாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கீழே விவரிக்கப்படும் திட்டமும் அதிலுள்ள அளவுகளும் எஸ்பிளனேடின் சூழலை வைத்து விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. அவை அந்நிலையத்தின் ஒப்பந்த ஆவணங்களிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல.

கட்டடத் தகவல் மாதிரி, அதாவது துறையினர் ‘பிம்’ என்று அழைப்பது, தூண், சுவர், குழாய் முதலிய ஒவ்வோர் உறுப்பையும் அதன் வடிவத்தோடும் பண்புகளோடும் கணினியில் சேர்த்துவைக்கும் முறையாகும். நிறைவேற்றத் திட்டம் என்பது அம்மாதிரியை யார், எப்போது, எந்த அளவு விவரத்தோடு உருவாக்கி, யாரிடம் ஒப்படைப்பார் என்று ஒப்பந்தக்காரர் எழுதித் தரும் ஆவணம். 2018இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 19650 தரநிலையின் இரண்டாம் பகுதி இதை இரு முறை கேட்கிறது: ஒப்பந்தத்துக்கு முன் உத்தேச வடிவில் ஒரு முறை, பணி கிடைத்தபின் உறுதிசெய்யப்பட்ட வடிவில் இன்னொரு முறை. நடைமுறையில் முதல் வடிவமே பெயர் மாற்றி இரண்டாவதாகவும் தரப்படுவதுண்டு; பொறுப்புகள் மங்கலாக நின்றுவிடுவதற்கு இதுவே பெருங்காரணம்.

விவரநிலை என்ற கருத்தும் தவறாகவே மிகுதியும் கையாளப்படுகிறது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 2008இல் வெளியிட்ட ஈ202 ஆவணத்தில் 100 முதல் 500 வரையிலான நிலைகள் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஒவ்வொரு நிலைக்கும் அவ்வுறுப்பின் ஆசிரியர், அதாவது அதை மாதிரியில் வரைந்து பொறுப்பேற்பவர், யார் என்பதும் அதே அட்டவணையில் எழுதப்பட்டது. 200இல் உறுப்பின் அளவும் இடமும் ஏறத்தாழ இருக்கும். 300இல் துல்லியமாக இருக்கும். பின்னாளில் இடையே சேர்க்கப்பட்ட 350இல் தாங்கிகள், இணைப்புகள் உள்ளிட்டு அது மற்ற உறுப்புகளைத் தொடும் விதமும் தெரியும். 400இல் பட்டறையில் செய்வதற்குரிய விவரம் இருக்கும். ஆகவே ‘மாதிரி முழுவதும் 400’ என்று ஒப்பந்தத்தில் ஒரே வரியில் கேட்பது பொருளற்றது. இரண்டு துறைகள் சந்திக்கும் உறுப்புகளுக்கு 350 கேட்டு, மற்றவற்றை 300இல் நிறுத்துவதே உழைப்புக்குத் தக்க பலன் தரும்.

எஸ்பிளனேடில் இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. 1984ஆம் ஆண்டு நிலையம் மேலிருந்து தோண்டி, டயஃப்ரம் சுவர்களுக்கு நடுவே கட்டி, மேலே மூடும் முறையில் எழுந்தது. மண்ணில் அகழி வெட்டிக் கான்கிரீட் ஊற்றி எழுப்பும் அத்தகைய சுவரின் முகம் வரைபடத்தில் உள்ளதுபோல் நேர்கோடாக அமைவதில்லை. காகித வரைபடத்தைப் பார்த்து அச்சுவரை 350 நிலையில் வரைந்துவிட முடியும். ஆனால் அது காட்டுவது விவரத்தை மட்டுமே, நம்பகத்தை அன்று. இவ்விரண்டையும் பிரிக்க, நிலத்தடிக் குழாய்க் கணக்கெடுப்புக்குப் பிரித்தானியாவில் வகுக்கப்பட்ட பாஸ் 128 ஆவணத்தின் தரவரிசை உதவுகிறது: ‘டி’ பழைய ஆவணம் மட்டும் பார்த்தது, ‘சி’ மேற்பரப்புத் தடயங்களைக் களத்தில் பார்த்தது, ‘பி’ கருவியால் கண்டறிந்தது, ‘ஏ’ குழி தோண்டி நேரில் உறுதிசெய்தது. கொல்கத்தாவின் ஈரக் களிமண் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் தரை ஊடுருவும் ரேடாரின் அலைகள் சிறிது ஆழத்திலேயே வலுவிழந்துவிடுகின்றன. எனவே அங்கு ‘பி’ தரத்தைப் பல இடங்களில் எதிர்பார்க்க முடியாது, தேர்ந்தெடுத்த புள்ளிகளில் சோதனைக் குழி தோண்ட வேண்டியிருக்கும். இதே வரிசையைப் பழைய சுவருக்கும் நீட்டித்து, பழைய உறுப்பு ஒவ்வொன்றிலும் விவரநிலையோடு நம்பகத்தரத்தையும் கட்டாயப் பண்பாக எழுதச் சொல்வது நிறைவேற்றத் திட்டத்தின் முதல் கடமை.

மோதல் என்பது இரண்டு உறுப்புகள் ஒரே இடத்தைப் பிடிப்பது, அல்லது பராமரிப்புக்கு வேண்டிய இடைவெளியை ஒன்று மற்றொன்றுக்கு மறுப்பது. பழைய நிலையத்தையும் புதியதையும் இணைக்கும் நடைவழியை இங்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் சோதனையில் 600 மோதல்கள் வந்தால், எண்ணிக்கையைக் கண்டு மலைப்பதற்கு முன் அவற்றின் விலகலைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை ஒரே திசையில், ஒரே அளவில், எடுத்துக்காட்டாக 150 மில்லிமீட்டர் விலகியிருந்தால், அது வடிவமைப்பின் பிழை அன்று. இரு பாதைகளின் மாதிரிகள் வெவ்வேறு ஆயத்தொலைவு மூலத்தில் வைக்கப்பட்டதன் அறிகுறி. மூலப்புள்ளி, கடல்மட்ட ஆதாரம், வடதிசை ஆகிய மூன்றையும் திட்டத்தில் எண்களாகவே எழுதி, மூன்று நிறுவனங்களும் ஒப்பமிட்டிருந்தால் இதற்கான உழைப்பு வீணாகாது.

அதைச் சரிசெய்த பின் எஞ்சுவதில் ஒன்று: புகை வெளியேற்றும் காற்றுக்குழாய் ஒன்று கூரையின் உத்தரத்தையும், சாய்வாக ஓடும் வடிகால் குழாயையும், கேபிள் தட்டுகளையும் அடுத்தடுத்து வெட்டுகிறது. தாங்கிக் கம்பிகளையும் சேர்த்து மென்பொருள் இதை நாற்பது மோதல்களாகக் காட்டும். ஒருங்கிணைப்பாளர் அவற்றை ஒரே சிக்கலாகத் தொகுத்து ஒரே பெயருக்கு ஒதுக்க வேண்டும். யார் விலகுவது என்பதை அன்றன்று வாதிடாமல் திட்டமே முன்கூட்டி வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். உத்தரம் அசையாது. வடிகால், தன் எடையால் நீர் ஓடுவதற்கான சாய்வை இழக்கக்கூடாதாகையால், அதற்கு அடுத்து நிற்கும். பெரிய காற்றுக்குழாய் மூன்றாவது; எளிதில் வளையும் கேபிள் தட்டு கடைசி. எனவே தட்டுகள் பக்கவாட்டில் நகர்கின்றன. காற்றுக்குழாய், குறுக்குப்பரப்பு குறையாமல் உயரம் சுருங்கி அகலம் கூடி, உத்தரத்துக்குக் கீழே வடிகாலைத் தொடாமல் செல்கிறது. அகலம் மிகக் கூடினால் உராய்வு கூடி விசிறியின் அழுத்தம் போதாமல் போகும் என்பதால், மாற்றத்தைக் காற்றோட்டப் பொறியாளர் கணக்கிட்டு ஒப்பிய பின்பே சிக்கல் ‘தீர்ந்தது’ என்ற நிலைக்குச் செல்லலாம். வரைந்தவரே அதை முடித்துவைக்கக் கூடாது. மறுவார மாதிரியில் சோதனை மீண்டும் ஓடி, மோதல் மறைந்ததை ஒருங்கிணைப்பாளர் கண்ட பின்பே முடிக்க வேண்டும்.

இந்தச் சுழற்சிக்கு ஒரு வாரம் போதும்: திங்களன்று எல்லோரும் தம் மாதிரியைப் பகிர்கிறார்கள், செவ்வாயன்று சோதனையும் தொகுப்பும், வியாழனன்று சிக்கலுக்கு உரியவர்கள் மட்டும் கூடும் கூட்டம். ஆனால் அதே காற்றுக்குழாய் 1984ஆம் ஆண்டு டயஃப்ரம் சுவரைத் துளைக்க வேண்டியிருந்தால் வாரக் கூட்டம் எதையும் தீர்க்காது. அச்சுவரின் உரிமையாளர் கூட்டத்தில் இல்லை. அவரிடம் மாதிரியும் இல்லை. எனவே பொறுப்பு அட்டவணையில் அச்சுவருக்கு இரண்டு பெயர்கள் வேண்டும்: மாதிரியில் வரைந்து பேணும் பொறுப்பு புதிய பாதையின் கட்டமைப்புப் பொறியாளருக்கு, துளையை ஒப்பும் அதிகாரம் மெட்ரோ இரயில்வேக்கு. சுவரின் நம்பகத்தரம் ‘டி’யாக இருக்கும்வரை துளைக்கான விண்ணப்பமே அனுப்பக்கூடாது என்றும், அதை ‘ஏ’ ஆக்கும் சோதனைக்கான செலவு எந்த ஒப்பந்தத்தில் சேரும் என்றும் திட்டம் சொல்லியிருக்க வேண்டும். ஜோகா பாதையின் வடிவமைப்பாளர்கள் அதே சுவரை நெருங்கும்போது, முந்தைய ஒப்பந்தக்காரர் அளந்தறிந்த முகத்தின் ஆயத்தொலைவுகள் அவர்கள் கையில் சேரும்படி ஒப்படைப்புப் பட்டியலில் அதற்கென ஒரு வரியும் எழுதப்பட வேண்டும்.